லிஃப்ட் கூட்டத்துக்கு ஓர் அழைப்பு

"ஞாயிறு காலை 10 மணிக்கு கமிட்டி மீட்டிங். லிஃப்ட் விஷயம். அனைவரும் தவறாமல் வரவும்." அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாட்ஸ்அப் குழுவில் வரும் அழைப்பு பெரும்பாலும் இவ்வளவுதான். ஒருவர் புது லிஃப்ட் வாங்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து வருவார். இன்னொருவர் பராமரிப்பு கம்பெனி மேல் உள்ள கோபத்தைக் கொட்ட வருவார். பொருளாளர் கோட்டேஷனையே அங்கேதான் முதன்முதலாகப் பார்ப்பார். கடைசியில் "அடுத்த வாரம் பார்ப்போம்" என்று கலைவார்கள். இந்தக் கூட்டம் கெட்டது அழைப்பிலேயே.

"லிஃப்ட் விஷயம்" என்பது தலைப்புதான், நோக்கம் இல்லை. "பி பிளாக் லிஃப்டை முழுதாக மாற்றுவதா, கன்ட்ரோலர், கதவு மோட்டார், கயிறு மட்டும் மாற்றிப் பழைய ரெயிலிலேயே ஓட்டுவதா என்று முடிவு செய்ய" என்று எழுதினால் அது நோக்கம். கூட்டம் முடிந்ததும் முடிவாயிற்றா இல்லையா என்று ஒரே வார்த்தையில் சொல்ல முடிய வேண்டும்.

அதை எழுதும்போதே சங்கத்தின் பைலாவைப் புரட்டிப் பார்த்துவிடுவது நல்லது. குறிப்பிட்ட தொகைக்கு மேல் செலவழிக்க ஜெனரல் பாடியின் ஒப்புதல் வேண்டும் என்று அதில் இருந்தால், கமிட்டியால் இதை முடிவு செய்ய முடியாது, பரிந்துரைக்கத்தான் முடியும். அழைப்பிலும் அப்படித்தான் எழுத வேண்டும். அதிகாரம் இல்லாத முடிவை எடுத்துவிட்டுப் பிறகு ஜெனரல் பாடியில் வாங்கிக் கட்டிக்கொள்ளும் கமிட்டிகள் உண்டு.

அடுத்து, முன்கூட்டிப் படிக்க வேண்டியது. மூன்று கம்பெனிகளின் கோட்டேஷனையும் அப்படியே அனுப்பினால் யாரும் திறக்க மாட்டார்கள். மூன்றையும் ஒரே தாளில் அட்டவணையாக்க வேண்டும். எதெது மாறும், உத்தரவாதம் எத்தனை வருடம், வேலை நடக்கும்போது லிஃப்ட் எத்தனை நாள் நிற்கும், ஜி.எஸ்.டி. சேர்ந்த விலையா என்பதெல்லாம் அதில் வரட்டும். கடைசியாகச் சொன்னதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஒரு கம்பெனி 10 லட்சம் என்கிறது, இன்னொன்று 11 லட்சம் என்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் விலையில் மட்டும் 18 சதவீத வரி சேரவில்லை என்றால் அது 11 லட்சத்து 80 ஆயிரம் ஆகிவிடும். மலிவாகத் தெரிந்ததுதான் அதிகம். இதை மேஜையில் உட்கார்ந்து கண்டுபிடிக்கக் கூடாது.

எல்லோருக்கும் பொதுவாக "தயாராக வரவும்" என்றால் யாரும் தயாராவதில்லை. அவரவர் பெயருக்கோ பொறுப்புக்கோ நேரே, அவரவர் வேலையையும் அவரிடம் எதிர்பார்க்கும் முடிவையும் எழுத வேண்டும். இப்படி:

நோக்கம்: பி பிளாக் லிஃப்ட் பற்றி ஜெனரல் பாடிக்கு ஒரே பரிந்துரை.
நேரம்: ஞாயிறு காலை 10 முதல் 11 வரை.
படிக்க வேண்டியது: ஒப்பீட்டுத் தாள், ஒரு வருட ரிப்பேர் பதிவேட்டின் சுருக்கம் (15 நிமிடம்).
பொருளாளர்: கார்பஸ் ஃபண்டில் எவ்வளவு எடுக்கலாம், மீதிக்கு வீட்டுக்கு எவ்வளவு வரும் என்ற கணக்கை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பவும். வசூல் ஒரே தவணையா, மூன்றா என்பது உங்கள் முடிவு.
பராமரிப்புச் செயலாளர்: பழைய ரெயிலும் எடைக்கல்லும் இன்னும் தாங்குமா என்று டெக்னீஷியனிடம் எழுத்தில் வாங்கி வரவும். எந்த வழி என்பதில் உங்கள் கருத்து முதலில்.
பி பிளாக் பிரதிநிதி: மாடி ஏற முடியாத பெரியவர்கள் எந்தெந்த வீட்டில் என்று கேட்டு வரவும். வேலை தொடங்கும் மாதத்தை நீங்கள் சொல்ல வேண்டும்.
தலைவர்: ஒருமித்து வராவிட்டால் ஓட்டெடுப்பு நடத்தி முடிவை அறிவிக்க வேண்டும்.
வர இயலாதவர்: உங்கள் கருத்தை சனிக்கிழமைக்குள் எழுதி அனுப்பவும்.

இப்படி எழுதும்போது ஒருவருக்கு வேலையும் இல்லை, முடிவும் இல்லை என்று தெரிந்தால், அவரைக் கூப்பிட வேண்டியதில்லை. நடவடிக்கைக் குறிப்பை அனுப்பினால் போதும்.

எத்தனை நாள் முன்னால் அனுப்புவது? நிறுவனங்களின் இயக்குநர் கூட்டத்துக்குக் கம்பெனிகள் சட்டம், 2013 குறைந்தது 7 நாள் கேட்கிறது. சங்கத்துக்கு அதன் பைலாதான் விதி. அதில் ஒன்றும் சொல்லவில்லை என்றால் ஒரு வாரம் சரியாக இருக்கும். ஆவணங்களும் அழைப்போடு சேர்ந்தே போக வேண்டும்.

எல்லோரும் 👍 போட்டதால் படித்துவிட்டார்கள் என்று எண்ண வேண்டாம். பொருளாளரின் கணக்கு வெள்ளிக்கிழமை வந்ததா என்பதைத்தான் பார்க்க வேண்டும். அது வராவிட்டால் சனிக்கிழமையே கூட்டத்தைத் தள்ளிவைப்பது மேல். கணக்கு வந்து, மற்றவர்கள் மட்டும் தாளைப் படிக்கவில்லை என்றால் தள்ளிவைக்கத் தேவையில்லை. அமேசான் நிறுவனத்தில் கூட்டம் தொடங்கியதும் எல்லோரும் குறிப்பை மௌனமாகப் படிக்கும் வழக்கம் இருக்கிறது. அதுபோல முதல் 15 நிமிடம் அந்தத் தாளைப் படிக்கக் கொடுத்துவிட்டுப் பேச்சைத் தொடங்கலாம்.