உறையின் முகப்பில் எவ்வளவு எழுத வேண்டும்?

நடைமுறை மூலதனக் கடன் பெற்றவர்கள் மாதந்தோறும் தரும் இருப்பு அறிக்கையில், பொதி செய்யும் பொருள்களுக்கென ஒரு வரி இருக்கும். கச்சிபௌலியில் வீட்டை ஒட்டிய சிறு கூடத்தில் பொடி வகைகள் தயாரிக்கும் எங்கள் வாடிக்கையாளர் ஒருவரின் அறிக்கையில், அந்த வரி மூன்று மாதங்களாக அசையாமல் நின்றது. நேரில் சென்று பார்த்தபோது, கறிவேப்பிலைப் பொடிக்கென அச்சிட்ட 15,000 பைகள் கட்டுக் கட்டாக அடுக்கப்பட்டிருந்தன. பேரங்காடி ஒன்று அவற்றை ஏற்க மறுத்துவிட்டதாம். விற்பனைக்கு ஆகாத பைகளை இருப்பு மதிப்பில் சேர்க்க இயலாது என்பதால், அவருடைய டிராயிங் பவரும் குறைந்தது.

பை பார்வைக்கு அழகாகவே இருந்தது. முகப்பு முழுவதும் அடர்பச்சைக் கறிவேப்பிலைக் கொத்து. நடுவில் பெரிய எழுத்தில் வணிகப் பெயர். அதைச் சுற்றி ‘பாட்டி கைப்பக்குவம்’, ‘நூறு விழுக்காடு தூய்மை’ என ஏழெட்டு வாசகங்கள். ஆனால் ‘கறிவேப்பிலைப் பொடி’ என்ற சொல் முகப்பில் எங்குமே இல்லை. சைவ உணவைக் குறிக்கும் பச்சைப் புள்ளி இலையின் பச்சையில் கரைந்துபோயிருந்தது. “சட்டம் கேட்கும் விவரங்களைப் போட்டால் படத்துக்கு இடம் ஏது, சார்?” என்று கேட்டார் அவர்.

சட்டம் உண்மையில் எவ்வளவு இடம் கேட்கிறது? அவருடைய மேசையிலேயே அளவுகோலை வைத்துக் கணக்கிட்டோம். பையின் முகப்பு 13 செ.மீ. அகலம், 20 செ.மீ. உயரம்; பரப்பு 260 சதுர செ.மீ. இந்த அளவுப் பைக்குப் பச்சை வட்டத்தின் விட்டம் 4 மி.மீ. இருந்தால் போதும், சுற்றியுள்ள சதுரத்தின் பக்கம் அதைப் போல் இருமடங்கு, அதாவது 8 மி.மீ. அடுத்தது நிகர எடை. 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள் இங்கே ஒரு நல்ல ஓவியரைப் போலப் பேசுகின்றன. எடையைக் குறிக்கும் எண்ணின் உயரத்துக்குச் சமமான வெற்றிடம் மேலும் கீழும், அதன் இருமடங்கு வெற்றிடம் இடமும் வலமும் இருக்க வேண்டும். எண்ணின் உயரம் 4 மி.மீ., வரியின் நீளம் 25 மி.மீ. எனக் கொண்டால், வெற்றிடத்தையும் சேர்த்து 41-க்கு 12 மி.மீ. போதும். இரண்டையும் கூட்டினால் ஆறு சதுர செ.மீ.கூட ஆகவில்லை, முகப்பில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சற்றே தாண்டுகிறது. இவற்றோடு உணவின் உண்மைப் பெயரும் முகப்பில் வர வேண்டும். நெரிசலை உண்டாக்கியவை அவர் தாமாகச் சேர்த்த வாசகங்களே!

மற்ற விவரங்களை ஒரே இடத்தில் தொகுத்துத் தரலாம் என அதே விதிகள் அனுமதிக்கின்றன. முன்கூட்டியே அச்சிடுபவை ஒரு தொகுதி. பொதி செய்யும்போது அச்சிடப்படும் தேதி, தொகுதி எண், விலை ஆகியவை மற்றொரு தொகுதி. அவருடைய பையில் இந்த இரண்டாம் தொகுதிக்கான கட்டம் அடிமடிப்பின் மேல் விழுந்திருந்தது. பொடி நிரம்பியதும் அப்பகுதி வளைந்துவிடும், எழுத்து சிதையும். கட்டத்தின் பளபளப்பான பூச்சிலோ மை ஒட்டவில்லை. எண்ணெய் தொட்ட விரலால் ஒருமுறை தேய்த்ததும் தேதி மறைந்தது. அச்சுக்குக் கொடுக்குமுன் மாதிரிப் பை ஒன்றில் பொடியை நிரப்பி, தேதியடித்துத் தேய்த்துப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். கணினித் திரையில் பெரிதாக்கிப் பார்ப்பதால் இவை எவையும் புலப்படா.

விடுபட்ட விவரத்தைத் தனிச் சீட்டாக ஒட்டிவிடலாமே என்றார். அதற்கு விதி இடம் தருவதில்லை. விலையைக் குறைப்பதற்கு மட்டும், பழைய விலையை மறைக்காமல் சீட்டு ஒட்டலாம். எல்லா விவரமும் அடங்கிய ஒரே லேபிளை வெற்றுப் பையில் ஒட்டுவது வேறு; அது முறையானதே. பழைய பைகளைக் கழித்துவிட்டு, முதல் சில மாதங்களை அவ்வாறே ஓட்டினார்.

பிறகு புதிய பைக்கு வந்தார். கிரேவியூர் அச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியாகச் செதுக்கிய உருளை வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும், அந்த நிறத்துக்கான உருளையைப் புதிதாகச் செய்தாக வேண்டும். முதற்பையில் முகவரி வெள்ளையிலும், உட்பொருள் பட்டியல் மஞ்சளிலும், உரிம எண் சிவப்பிலும் இருந்தன. இப்போது சட்டம் கேட்கும் எழுத்து அனைத்தும் கறுப்பில் மட்டும், பின்பக்கத்தின் வெளிர் கட்டத்தில் அமைந்துள்ளன. ஓரங்களில் ஒட்டும் பகுதிக்கு ஒரு செ.மீ. விடப்பட்டுள்ளது. முகப்பில் இலைக்கொத்து அப்படியே இருக்கிறது. பச்சைப் புள்ளி வெள்ளைக் கட்டத்துக்குள், பெயரை ஒட்டி அமர்ந்திருக்கிறது. வாசகங்களில் பாட்டி மட்டும் தப்பினார், அதுவும் பின்பக்கத்தில். சென்ற ஆண்டு தயாரிப்புக் கூடத்தின் முகவரி மாறியபோது, கறுப்பு உருளை ஒன்றுக்கு மட்டுமே செலவு வந்தது.