டேங்க் விழுந்ததும் டிராகன் யார் பக்கம் திரும்பும்?

2005 ஜூலையில் ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ விளையாட்டில் பிளாக்விங் லேர் என்ற குகை திறந்தது. நாற்பது பேர் சேர்ந்து போனால்தான் சமாளிக்க முடியும். அதன் இரண்டாவது பாஸ் வேலாஸ்ட்ராஸ் என்னும் சிவப்பு டிராகன். கதைப்படி நல்லவன், நெஃபேரியன் என்ற கருப்பு டிராகனின் வசியத்தில் சிக்கிக்கொண்டவன். சண்டை தொடங்கும்போதே அவன் உயிர் முப்பது சதவீதம்தான் இருக்கும். அப்படியிருந்தும் எத்தனையோ குழுக்கள் வாரக்கணக்கில் அவனிடம் மாட்டிக்கொண்டன. அடியின் பலம் போதாமல் தோற்றவர்களும் உண்டு. ஆனால் பெரும்பாலான தோல்விக்குக் காரணம், டிராகன் அடுத்து யார் பக்கம் திரும்பும் என்பதை அவர்கள் கணக்குப் போடாததுதான்.

குழு ரெய்டில் பாஸின் கோபத்தை வாங்கி நிற்பவரை ‘அக்ரோ’ வைத்திருப்பவர் என்பார்கள். அந்த வேலைக்கென்றே கனமான கவசத்தோடு நிற்பவர் டேங்க். மற்றவர்கள் அடிப்பவர்களும் குணப்படுத்தும் ஹீலர்களும். பாஸ் டேங்க்கை மட்டும் அடித்துக்கொண்டிருக்கும்வரை எல்லாம் நலம். மந்திரவாதி ஒருவர் பக்கம் அது திரும்பினால் அவர் ஓரிரு அடியில் விழுவார்.

பாஸ் தன் இஷ்டத்துக்கு ஆளைத் தேர்ந்தெடுப்பதில்லை. ஒவ்வொரு எதிரிக்கும் சர்வரில் தனித்தனியே ஒரு பேரேடு உண்டு. அதற்கு எதிராக யார் எதைச் செய்தாலும் அவர் பெயருக்கு நேரே ‘த்ரெட்’ புள்ளி ஏறும். ஒரு புள்ளி சேதத்துக்கு ஒரு புள்ளி த்ரெட். குணப்படுத்தினால் அரைப் புள்ளி; எதிரிகள் பலர் இருந்தால் அந்த அரை அவர்களுக்குள் பிரிந்துபோகும். ஏற்கெனவே உயிர் நிறைந்திருப்பவர் மீது கொட்டிய குணப்படுத்தலுக்கு எதுவும் ஏறாது. இந்தப் புள்ளிகள் நேரம் போகப் போகத் தானாகக் கரைவதும் இல்லை.

அதற்கு மேல் ஒரு பெருக்கல் இருக்கிறது. பழைய விளையாட்டில் வாரியர் ஒருவர் தற்காப்பு நிலையில் நின்றால் அவர் த்ரெட் 1.3 மடங்காகும். அதற்கான திறனையும் கற்றிருந்தால் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. ரோக் எனப்படும் கத்திக்காரருக்கு 0.71 மடங்குதான். ஆகவே இருவரும் ஆளுக்கு ஆயிரம் சேதம் செய்தால் வாரியர் பெயரில் ஏறக்குறைய 1,500, ரோக் பெயரில் 710. டேங்க் குறைவாக அடித்தும் பட்டியலில் முதலில் நிற்பது இப்படித்தான். இது போக, சேதத்தை நம்பாமல் நேரடியாகத் த்ரெட் சேர்க்கும் அடிகளும் வாரியரிடம் உண்டு.

பட்டியலில் முதலிடம் மாறிய நொடியே பாஸ் திரும்பிவிடும் என்று புதியவர்கள் நினைப்பது இயல்பு. அப்படி இருந்தால் பாஸ் பம்பரமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். அதனால் ஒரு இடைவெளி வைத்தார்கள். பாஸின் கைக்கெட்டும் தூரத்தில் நிற்பவர், டேங்க்கின் த்ரெட்டில் 110 சதவீதத்தைத் தாண்டினால்தான் அது அவர் பக்கம் திரும்பும். எட்ட நிற்பவருக்கு எல்லை 130 சதவீதம். டேங்க்கின் கணக்கு 10,000 என்றால், ரோக் 10,900 வரை போனாலும் ஒன்றும் ஆகாது. எட்ட நிற்கும் மேஜ் 12,500 வைத்திருந்தாலும் ஆகாது. ஆனால் அந்த மேஜ் ஏதோ நெருப்புக்கு ஒதுங்கப் போய் பாஸின் அருகே வந்துவிட்டால் அவருக்கும் எல்லை 11,000 ஆகிவிடும். அவர் புதிதாக ஒரு மந்திரம்கூடப் போடவில்லை, நாலடி நகர்ந்ததோடு சரி. பாஸ் திரும்பிவிடும். காரணம் புரியாத மரணங்களில் பல இந்த வகை.

இந்த 110, 130 இடைவெளியை ஒரு பாதுகாப்பாகவே ஆட்டக்காரர்கள் பழகிக்கொண்டார்கள். வேலாஸ்ட்ராஸ் தகர்ப்பது அதைத்தான்.

சண்டை ஆரம்பத்தில் அவன் எல்லோருக்கும் ஒரு வரம் தருகிறான். மூன்று நிமிடத்துக்கு மானா, எனர்ஜி, ரேஜ் எதுவுமே தீராது. செலவழிக்கச் செலவழிக்க நிரம்பிக்கொண்டே வரும். நாற்பது பேரும் சக்தி தீரும் கவலை இல்லாமல் அடிக்கலாம். பதிலுக்கு ‘பர்னிங் அட்ரினலின்’ என்ற சாபம் வைத்திருக்கிறான். 45 நொடிக்கு ஒருமுறை அது டேங்க் மீது விழும். விழுந்தவரின் சேதம் இரட்டிப்பாகும், அடிக்கும் வேகமும் கூடும். ஆனால் அவரது மொத்த உயிரின் அளவு நொடிக்கு ஐந்து சதவீதம் சுருங்கிக்கொண்டே வந்து, இருபதாவது நொடியில் வெடித்து இறப்பார். தடுக்க வழியே இல்லை. டேங்க் இறப்பது இங்கே விபத்து கிடையாது, கால அட்டவணையில் எழுதப்பட்டது. முதல் டேங்க் ஏறத்தாழ 65ஆவது நொடியில் போவார். அடுத்தவர் 110இல், மூன்றாமவர் 155இல். அதனால் குழுக்கள் மூன்று நான்கு டேங்க்குகளோடு போகும்.

டேங்க் இறந்த நொடியில் பேரேட்டிலிருந்து அவர் பெயர் அழிகிறது. டிராகனுக்கு இப்போது இலக்கே இல்லை. 110 சதவீதம் என்பது இருக்கும் இலக்கோடு ஒப்பிட்டுச் சொல்வது. இலக்கே இல்லாதபோது எதில் 110 சதவீதம்? அந்த இடைவெளி அங்கே காணாமல் போகிறது. பட்டியலில் இப்போது யார் பெயர் முதலில் நிற்கிறதோ, டிராகன் நேராக அவரிடம் போகும்.

ஒரு கணக்குக்காக, 65ஆவது நொடியில் பட்டியல் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் டேங்க் 90,000. எட்ட நிற்கும் மேஜ் 1,08,000. அவர் எல்லை 1,17,000, எனவே பத்திரம். அருகில் நிற்கும் ரோக் 95,000. அவர் எல்லை 99,000, அவரும் பத்திரம். அடுத்த முறைக்குக் காத்திருக்கும் இரண்டாவது டேங்க் 80,000. திரையில் யாருக்கும் எச்சரிக்கை இல்லை. டேங்க் வெடிக்கிறார். டிராகன் மேஜைத் தேடிப் போகிறது. அதன் முன்பக்கம் கூட்டத்தின் மேல் வீசும் நெருப்பு மூச்சில் பக்கத்தில் இருந்தவர்களும் வேகிறார்கள். மேஜ் விழுந்ததும் ரோக். ரோக் விழுந்தபிறகுதான் இரண்டாவது டேங்க்கின் முறை வருகிறது. அதற்குள் ஹீலர்களில் பாதிப் பேர் இல்லை. நாற்பது பேரில் ஒருவர்கூடத் தன் எல்லையைத் தாண்டவில்லை. ஆனாலும் ரெய்டு முடிந்துபோயிற்று.

கவனிக்க வேண்டிய இன்னொன்றும் இதில் உண்டு. சாபம் விழுந்த டேங்க்கின் சேதம் இரட்டிப்பாவதால், கடைசி இருபது நொடியில் அவர் த்ரெட் எகிறுகிறது. அதைப் பார்த்து, நமக்கும் இடம் கிடைத்துவிட்டது என்று மற்றவர்கள் வேகத்தைக் கூட்டுவார்கள். அந்த உயரம் இருபது நொடிக்குத்தான். அவரோடு அதுவும் போய்விடும். இந்தப் பாஸின் வடிவமைப்பிலேயே நான் மிகவும் மதிக்கும் இடம் இது. வலையை விரித்துவிட்டு, அதன் மேல் ஒரு வெகுமதியையும் வைத்திருக்கிறார்கள்.

ஆகவே இங்கே அடிப்பவர்களின் உண்மையான உச்சவரம்பு முதல் டேங்க்கின் 110 சதவீதம் அல்ல, இரண்டாவது டேங்க்கின் நூறு சதவீதம். முதல் டேங்க் போகும் நேரத்தில் அவரைத் தவிர மற்ற எல்லோரும் இரண்டாமவருக்குக் கீழே இருந்தாக வேண்டும். 110ஆவது நொடி நெருங்கும்போது மூன்றாமவருக்குக் கீழே. இதற்கு வழி, காத்திருக்கும் டேங்க்குகள் முதல் நொடியிலிருந்தே முழு மூச்சாக அடிப்பது. தன் முறை வரும்வரை சும்மா நிற்கும் டேங்க் குழுவைக் கொல்கிறார் என்றே சொல்லலாம். ரோக்குக்கு ‘வேனிஷ்’ என்ற மறைவும் ஹன்டருக்கு ‘ஃபெயின் டெத்’ என்ற பொய்ச்சாவும் உண்டு. இரண்டும் பேரேட்டில் அவர்கள் கணக்கைத் துடைத்துவிடும். மேஜுக்கு அன்று அப்படி எதுவும் இல்லை, அவர் அடியைக் குறைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

பாலடின் இருக்கும் குழுவில் ‘பிளெஸ்ஸிங் ஆஃப் சால்வேஷன்’ என்ற ஆசி கைகொடுக்கும். வாங்கியவரின் த்ரெட் முப்பது சதவீதம் குறைவாக ஏறும். ஆனால் அவசரத்தில் அதை எல்லோருக்கும் சேர்த்துக் கொடுக்கும்போது டேங்க்குக்கும் போய்விடுவது உண்டு. டேங்க் நன்றாகவே அடிக்கிறார், தவறு எதுவும் செய்யவில்லை, ஆனாலும் பட்டியலில் பின்தங்கிக்கொண்டே போகிறார் என்றால், முதலில் பார்க்க வேண்டியது அவர் மீது அந்த ஆசியின் சின்னம் இருக்கிறதா என்பதைத்தான். இருந்தால் அவரே வலது கிளிக் செய்து நீக்கிவிடலாம்.

அன்று இந்தப் பேரேட்டை விளையாட்டு யாருக்கும் காட்டவில்லை. ஆட்டக்காரர்களே அடித்து அடித்துப் பார்த்து விதிகளைக் கண்டுபிடித்தார்கள். பிறகு கேடிஎம், ஓமன் போன்ற ஆட்ஆன்களை எழுதினார்கள். குழுவில் உள்ளவர்களின் அடிகளைக் கூட்டித் தாங்களாகவே ஒரு பட்டியலை ஊகித்துக் காட்டும் கருவிகள் அவை. 2008இல்தான் பிளிஸார்ட் உண்மையான எண்களையே ஆட்ஆன்களுக்குத் திறந்துவிட்டது. அதிலும் இரண்டு சதவீதங்கள் வரும். ஒன்று டேங்க்கின் த்ரெட்டோடு நேரடி ஒப்பீடு. மற்றது தூரத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டு, நூறைத் தொட்டால் பாஸ் உங்களிடம் வரும் என்று சொல்வது. பலரும் பார்ப்பது இரண்டாவதை. சாதாரண பாஸுக்கு அது போதும். வேலாஸ்ட்ராஸிடம் இரண்டுமே போதாது, ஏனென்றால் இரண்டுமே உயிரோடு இருக்கும் டேங்க்கை வைத்துப் போட்ட கணக்கு. அங்கே சதவீதத்தை விட்டுவிட்டு, பட்டியலில் இரண்டாவது டேங்க்கின் பெயர் உங்கள் பெயருக்கு மேலே இருக்கிறதா என்று வெறும் எண்ணைப் பார்க்க வேண்டும்.

பின்னாளில் இந்தச் சுமை குறைந்தது. 2011 ஆகஸ்டில் டேங்க்குகளின் த்ரெட் பெருக்கத்தைச் சேதத்தின் மூன்று மடங்கிலிருந்து ஐந்து மடங்காக உயர்த்தினார்கள். இன்றைய ரெய்டில் முதல் சில நொடிகளைத் தாண்டிவிட்டால் அடிப்பவர்கள் பெரும்பாலும் பட்டியலைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பாஸை ஒரு டேங்க்கிடமிருந்து இன்னொருவர் வாங்கிக்கொள்வது ‘டான்ட்’ என்ற ஒரு பொத்தானில் முடிந்துவிடுகிறது; அது அழுத்தியவரின் த்ரெட்டை முதலிடத்துக்குச் சமமாக உயர்த்தி, சில நொடிகள் பாஸைக் கட்டாயமாக அவர் பக்கம் இழுக்கும். ஆட்டம் எளிதானது உண்மை. ஆனால் நாற்பது பேரும் தன் அடியை இன்னொருவரின் எண்ணுக்குக் கீழே அடக்கிவைக்க வேண்டும் என்ற அந்தக் கட்டுப்பாடு போய்விட்டது எனக்கு வருத்தம்தான். 2019இல் ‘கிளாசிக்’ என்ற பெயரில் பழைய விளையாட்டு திரும்பி வந்தபோது அந்தப் பழைய கணக்குகளும் கூடவே வந்தன. 110, 130 எல்லைகளும், 0.71 மடங்கும், 45 நொடிக்கு ஒருமுறை விழும் அந்தச் சாபமும் அங்கே இன்றைக்கும் அப்படியே இருக்கின்றன.