ஒப்பந்தத்தில் எது இல்லை என்று பாருங்கள்

தேயிலைத் தோட்டத்தில் வேலை இருக்கும்வரை தோட்ட வீடு இருக்கும். ஓய்வு பெற்றதும் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கேமரன் மலையில் பல குடும்பங்கள் ஐம்பது வயதைத் தாண்டிய பிறகுதான் முதன்முதலாக வாடகை ஒப்பந்தம் ஒன்றைக் கையில் வாங்குகின்றன. என் அக்கா குடும்பத்துக்கும் அப்படித்தான் ஆனது. தானா ராத்தாவில் மாதம் 700 ரிங்கிட்டுக்கு ஒரு வீடு அமைந்தது. வீட்டுக்காரர் நான்கு பக்க ஒப்பந்தத்தைக் கொடுத்தார். அத்தான் அதை என்னிடம் கொண்டுவந்தார்.

மலேசியாவில் குடியிருப்பு வாடகைக்கென்று தனிச் சட்டம் இன்னும் இல்லை. 1950ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமே பெரும்பாலும் வழிகாட்டுகிறது. டெபாசிட் எப்போது திரும்ப வரும், கூரை ஒழுகினால் யார் செலவு செய்வது என்பதையெல்லாம் இருவரும் கையெழுத்திட்ட தாள்தான் முடிவு செய்யும். அதில் எழுதாத ஒன்றைப் பின்னர் கேட்டு வாங்குவது கடினம்.

ஒப்பந்தத்தை முதலில் படித்தால் இருப்பது மட்டுமே கண்ணில் படும், விடுபட்டது தெரியாது. அதனால் நாங்கள் அதை மூடிவைத்துவிட்டு, எங்களுக்குக் கட்டாயம் வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதினோம். பிறகு ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒப்பந்தத்தின் பிரிவு எண்ணைக் குறித்தோம். எண் கிடைக்காவிட்டால் 'இல்லை'. பேச்சு இருந்தும் தெளிவு இல்லையென்றால் 'அரைகுறை'. வாடகைத் தொகை, கட்டும் தேதி, ஓராண்டுக் காலம் எல்லாவற்றுக்கும் எண் கிடைத்தது. மூன்று இடங்களில் கிடைக்கவில்லை.

முதலாவது டெபாசிட். இரண்டு மாத வாடகையும், தண்ணீர், மின்சாரத்துக்கு அரை மாத வாடகையுமாக 1,750 ரிங்கிட். 'உரிய கழிவுகள் போக மீதி திருப்பித் தரப்படும்' என்று எழுதியிருந்தது. எத்தனை நாளில், எதற்கெல்லாம் கழிப்பார் என்று இல்லை. எனவே அரைகுறை. 'வீட்டைக் காலி செய்த 14 நாட்களுக்குள், செலவு ரசீதுகளுடன்' என்ற சொற்களைச் சேர்க்கக் கேட்டோம்.

இரண்டாவது பழுது. 'உட்புறப் பழுதுகள் வாடகைதாரர் பொறுப்பு' என்பதோடு அந்தப் பிரிவு முடிந்துவிட்டது. மழையும் குளிரும் அதிகமுள்ள மலையில், சுவரில் பூஞ்சணம் பிடிப்பது வழக்கம். கூரைக் கசிவால் வரும் பூஞ்சணமும் பார்வைக்கு உட்புறப் பழுதுதான். கூரை, வெளிச்சுவர், குழாய்க் கசிவும் அவற்றால் உள்ளே வரும் சேதமும் வீட்டுக்காரர் பொறுப்பு என்று தனி வரி கேட்டோம். குடிபோகும் நாளில் எடுக்கும் படங்களையும் ஒப்பந்தத்தோடு இணைக்கச் சொன்னோம்.

மூன்றாவது, வீடு விற்கப்பட்டால் என்ன ஆகும் என்பது. இதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. மூன்று ஆண்டுக்கு மேற்படாத வாடகையை நில அலுவலகத்தில் பதிய வேண்டியதில்லை. ஆனால் நிலப் பட்டாவில் அதைக் குறிப்பாக ஏற்றாவிட்டால், வீட்டை வாங்குபவரை அது கட்டுப்படுத்தாது. 'விற்றால் வாங்குபவர் இந்த வாடகையை ஏற்க வேண்டும். இல்லையெனில் இரண்டு மாத முன்னறிவிப்பும் முழு டெபாசிட்டும் தரப்படும்' என்று கேட்டோம்.

வீட்டுக்காரர் முதல் இரண்டையும் ஒப்புக்கொண்டார். மூன்றாவதில் முன்னறிவிப்பும் டெபாசிட்டும் மட்டும் தருவதாகச் சொன்னார். "வாயால் சொன்னால் போதாதா?" என்றும் கேட்டார். கடைசிப் பக்கத்தில், 'இந்த ஒப்பந்தத்துக்கு வெளியே சொன்ன எதுவும் செல்லாது' என்ற பிரிவு இருந்ததைக் காட்டினேன். திருத்தங்களை இரு பிரதிகளிலும் எழுதி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் இருவரும் சுருக்கொப்பம் இட்டார்கள்.

அடுத்தது முத்திரைத் தீர்வை. கையெழுத்தான 30 நாட்களுக்குள் கட்ட வேண்டும். முத்திரையில்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்காது. ஓராண்டு ஒப்பந்தத்துக்கு, ஆண்டு வாடகையில் ஒவ்வொரு 250 ரிங்கிட்டுக்கும் ஒரு ரிங்கிட். 8,400 ரிங்கிட்டுக்கு 34 ரிங்கிட் வந்தது; இரண்டாம் பிரதிக்கு 10 ரிங்கிட்.

இந்தப் பட்டியல் காட்டாத ஒன்றும் உண்டு. கையெழுத்துப் போடுபவர் உண்மையான உரிமையாளரா என்பது ஒப்பந்தத்தில் தெரியாது. டிஓஎல் எனப்படும் தற்காலிக உரிமத்தில் உள்ள நிலங்களும் உண்டு. அந்த உரிமம் ஆண்டு முடிவில் காலாவதியாகும், புதுப்பித்தால்தான் தொடரும், பிறர் பெயருக்கு மாற்றவும் முடியாது. அத்தகைய நிலத்தில் நிற்கும் வீடாக இருந்தால், எத்தனை நல்ல பிரிவுகள் இருந்தும் பயனில்லை. டெபாசிட் கொடுக்கும் முன் நில அலுவலகத்தில் பட்டாவைத் தேடிப் பாருங்கள். அதில் உள்ள பெயரும் ஒப்பந்தத்தில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும்.