பதினான்கு சென்ட் எங்கே போனது?

பள்ளி மைதானம் 70 சென்ட் என்று கணக்குப் போட்டு வந்தாள் எட்டாம் வகுப்பு பூங்கொடி. அது உண்மையில் 56 சென்ட். பெருக்கலில் பிழை இல்லை, ஒரு மீட்டரும் எண்ணாமல் விடவில்லை. அப்படியும் இல்லாத நிலம் பதினான்கு சென்ட் அவள் நோட்டில் முளைத்துவிட்டது. பூங்கொடி இந்தக் கட்டுரைக்காகப் பிறந்த கதைச் சிறுமி. ஆனால் அவள் கையிலிருந்த முடிச்சுக் கயிறும் அது செய்த வேலையும் கற்பனை இல்லை. நீங்களும் ஒரு கயிற்றை எடுத்துச் செய்து பார்க்கலாம்.

"நம்ம மைதானம் எத்தனை சென்ட்?" என்று வகுப்பில் கணக்கு டீச்சர் கேட்டார். பள்ளியில் இருந்த நாடா இரண்டு இடத்தில் அறுந்து கிடந்தது. அன்று மாலை பூங்கொடி வீட்டில் துணி காயப்போடும் கொடிக்கயிற்றை அவிழ்த்தாள். பருத்திக் கயிறு, சுண்டுவிரல் பருமன், 12 மீட்டர் நீளம். மர ஸ்கேலை வைத்து ஒவ்வொரு மீட்டருக்கும் மையால் புள்ளி வைத்தாள். பிறகு ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு முடிச்சு. எல்லா இடைவெளியும் சமம், பார்க்கவும் அழகு. மறுநாள் தோழியைக் கூட்டிக்கொண்டு மைதானத்தை அளந்தாள். நீளவாக்கில் 65 முடிச்சும் சொச்சமும், அகலவாக்கில் 43½. இரண்டையும் பெருக்கினால் ஏறக்குறைய 2,836 சதுர மீட்டர். ஒரு சென்ட் 40.47 சதுர மீட்டர் என்பதால் 70 சென்ட் வந்தது.

"எழுபதா? அறுபதுக்கு மேல போகாது பாப்பா" என்றார் காவலாளி. அவர் நிலம் வாங்கி விற்கிற குடும்பத்துக்காரர். அவர் கண்ணளவு பொய்க்காது.

பி.டி. சார் எதுவும் சொல்லவில்லை. வாலிபால் கோர்ட்டின் நீளக்கோட்டைக் காட்டி, "இதை அள" என்றார். அந்தக் கோடு 18 மீட்டர். விதிப்புத்தகத்தில் உள்ள அளவு, நல்ல நாடா வைத்துப் போட்ட சுண்ணாம்புக் கோடு. பூங்கொடியின் கயிற்றில் அது 19 முடிச்சைத் தாண்டி, அடுத்த இடைவெளியிலும் பாதிக்கு மேல் போனது.

அப்போதுதான் அவள் இரண்டு முடிச்சுகளுக்கு நடுவே ஸ்கேலை வைத்துப் பார்த்தாள். 92 சென்டிமீட்டர். மீதி 8 சென்டிமீட்டர் முடிச்சுக்குள் இருந்தது. சாதாரண ஒற்றை முடிச்சைப் போட்டு இறுக்கினால், கயிற்றின் பருமனைப் போல் சுமார் பத்து மடங்கு நீளத்தை அது உள்ளே இழுத்துக்கொள்ளும். 8 மில்லிமீட்டர் கயிறு என்றால் 8 சென்டிமீட்டர். தளர்வாக விட்டால் இன்னும் கூடும். புள்ளி வைத்துவிட்டு முடிச்சுப் போட்டால் கயிறு குட்டையாவது நிச்சயம். கயிறு குட்டையானால் நிலம் பெரிதாகும். குறைவான அளவைக்கொண்டு அளந்தால் எண்ணிக்கை கூடத்தானே செய்யும்! இந்தப் பிழையின் கெட்ட குணம், இடைவெளிகள் எல்லாம் ஒன்றுபோலவே இருப்பதுதான். கயிற்றை எத்தனை முறை பார்த்தாலும் குறை தெரியாது. மீண்டும் மீண்டும் அளந்தாலும் அதே 65தான் வரும், நம்பிக்கை வேறு கூடிப்போகும். ஏற்கெனவே நீளம் தெரிந்த ஒன்றை அளந்து பார்த்தால்தான் அது பிடிபடும். பி.டி. சார் செய்தது அதைத்தான்.

பூங்கொடி இரண்டாவது கயிறு தயாரித்த விதம் வேறு. 13 மீட்டருக்கும் கொஞ்சம் கூடுதலாகக் கயிறு வாங்கினாள். வராந்தாத் தரையில் ஒரு நேர்கோடு போட்டு, ஒரு முனையிலிருந்து 1, 2, 3 என்று 12 மீட்டர் வரை சாக்பீஸால் குறித்தாள். ஒவ்வொரு முடிச்சையும் தளர்வாகப் போட்டு, கயிற்றை இழுத்துப் பிடித்து, முடிச்சின் நடு சாக்பீஸ் குறியில் உட்காரும்வரை நகர்த்தி, பிறகு இறுக்கினாள். முந்தைய முடிச்சிலிருந்து ஸ்கேல் வைக்காமல், தரைக்குறியை வைத்தே ஒவ்வொன்றையும் சரிபார்த்தாள். முந்தையதிலிருந்து அளந்துகொண்டே போனால் ஒவ்வொரு முடிச்சிலும் விழும் அரை சென்டிமீட்டர் தவறு அடுத்ததன் மேல் ஏறிக்கொண்டே போகும்.

12 இடைவெளிக்கு 13 முடிச்சு தேவை. முதல் முடிச்சு பூஜ்யம். அதை ஒன்று என்று எண்ணிவிட்டால், கயிற்றை ஐந்து முறை போடும்போது ஐந்து மீட்டர் கூடிவிடும். அதனால் பூஜ்ய முடிச்சில் சிவப்பு ரிப்பன் கட்டினாள். கயிறு முடிகிற இடத்தில் தோழி ஒரு குச்சியைக் குத்துவாள். அடுத்த முறை ரிப்பன் அந்தக் குச்சிக்கு வரும். கடைசியில் குச்சிகளை எண்ணினால் போதும். நம் சர்வேயர்கள் சங்கிலி பிடித்த காலத்தில் இரும்பு ஊசிகளைக் குத்திக்கொண்டு போனதும் இதே முறைதான்.

பிழை என்றதும் நம் மனம் முதலில் கோணல்மாணலைத்தான் நினைக்கும். கயிறு நேராகப் போகவில்லையே, தரை மேடும் பள்ளமுமாக இருக்கிறதே என்று. கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறு கதை. 12 மீட்டர் கயிற்றின் முனை பக்கவாட்டில் அரை மீட்டர் விலகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு அப்பட்டமாகத் தெரியும் கோணல் அது. ஆனாலும் நீளத்தில் வரும் பிழை ஒரே ஒரு சென்டிமீட்டர். தரை 12 மீட்டருக்குள் ஒரு மீட்டர் ஏறினால்கூட 4 சென்டிமீட்டர்தான். முதல் கயிறோ ஒவ்வொரு மீட்டருக்கும் 8 சென்டிமீட்டர் ஏமாற்றியது. 60 மீட்டரில் அது ஐந்து மீட்டரைத் தொட்டுவிடும். பரப்பளவில் நீளத்தையும் அகலத்தையும் பெருக்குவதால் அந்தப் பிழையும் பெருகி, 18 சதவீதமாகிறது. கோணலைக் கயிறு மன்னிக்கும், தன் நீளத்தில் உள்ள குறையை மன்னிக்காது.

சரி செய்த கயிறும் சரியாகவே இருந்துவிடாது. பருத்திக் கயிறு நனைந்தால் இழைகள் உப்பி, நீளம் சுருங்கும். நைலான் என்றால் இழுப்புக்கு ஏற்ப நீளும். இரண்டு மணி நேரம் இழுத்தால் முடிச்சுகளே இன்னும் இறுகி, விழுங்கிய கயிற்றில் கொஞ்சத்தைக் கக்கும். அதனால் மைதானத்துக்குப் போகும் முன்பும் வந்த பின்பும் கயிற்றை வராந்தாக் குறிகளின் மேல் போட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு முறையும் பொருந்தினால்தான் அன்றைய அளவு செல்லும். லாம்டன் 1802 ஏப்ரலில் பரங்கிமலை அருகே ஏழரை மைல் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கியபோது, அவரிடம் இருந்தது 100 அடி எஃகுச் சங்கிலி. அதை மரப்பெட்டிகளில் தாங்கி, பக்கத்தில் வெப்பமானிகளை வைத்து, வெயிலில் எஃகு எவ்வளவு நீண்டது என்று கழித்துக் கழித்து அளந்தார். அந்த ஒரு கோட்டுக்கு 57 நாள் ஆனது. இந்தியா முழுவதையும் அளந்த வேலையின் முதல் கோடு அது.

புதுக் கயிற்றில் மைதானத்தின் நீளம் 60 மீட்டர் சுமார், அகலம் 40 சுமார். பெருக்கினால் 2,400 சதுர மீட்டர், 59 சென்ட்டுக்கு மேல். காவலாளி முகத்தில் வெற்றிச் சிரிப்பு. கதை இங்கேயே முடிந்திருக்கும், டீச்சர் குறுக்கே கேட்காமல் இருந்திருந்தால். "மூலை எல்லாம் செங்கோணம்னு யார் சொன்னா?"

பள்ளிக்கு முன்னால் போகும் சாலை சாய்வாகப் போகிறது. மதில் சுவரும் சாலையோடு சாய்ந்திருக்கிறது. ஒரு தீப்பெட்டிக் கூட்டைப் பக்கவாட்டில் அழுத்திப் பாருங்கள். நான்கு பக்கமும் அப்படியே இருக்கும், உள்ளிருக்கும் இடம் மட்டும் குறையும். நான்கு பக்க நீளம் தெரிந்தால் பரப்பளவு தெரிந்துவிடாது. ஐந்தாவதாக ஓர் அளவு வேண்டும், மூலையிலிருந்து எதிர் மூலைக்கு. நீள்சதுரமாக இருந்தால் அந்த மூலைவிட்டம் 72 மீட்டர் இருக்க வேண்டும். பூங்கொடிக்கு வந்தது 60.

அந்த மூலைவிட்டம் மைதானத்தை இரண்டு முக்கோணமாக வெட்டுகிறது. இரண்டுக்கும் அடிப்பக்கம் அதே 60 மீட்டர். இனி மற்ற இரு மூலைகளிலிருந்தும் அந்தக் கோட்டுக்குச் செங்குத்தாக எவ்வளவு தூரம் என்று தெரிந்தால் போதும். இங்கேதான் 12 இடைவெளி வைத்ததன் பயன். பூஜ்ய முடிச்சையும் 12ஆம் முடிச்சையும் ஒருத்தி சேர்த்துப் பிடிக்க வேண்டும். இன்னொருத்தி 3ஆம் முடிச்சை, மற்றொருத்தி 7ஆம் முடிச்சைப் பிடித்து விறைப்பாக இழுக்க வேண்டும். 3, 4, 5 பக்கமுள்ள முக்கோணம் கிடைக்கும். 3ஆம் முடிச்சு இருக்கும் மூலை செங்கோணம். சேர்த்துப் பிடித்த முடிச்சையும் 3ஆம் முடிச்சையும் மூலைவிட்டத்தின் மேல் வைத்து, 7ஆம் முடிச்சு வழியாகக் கண்ணை ஓட்டினால் மைதான மூலையில் நட்ட கம்பு தெரிய வேண்டும். தெரியாவிட்டால் மூவரும் கோட்டின் மேல் முன்னும் பின்னும் நகர வேண்டும். கோணம் ஒரு பாகை தவறினாலும் கவலை இல்லை. அளக்கும் நீளத்தில் அது ஒரு சென்டிமீட்டர்கூட மாறாது.

எகிப்தியர் இதே 12 முடிச்சுக் கயிற்றால்தான் செங்கோணம் பிடித்தார்கள் என்று பல புத்தகங்கள் எழுதிவிட்டன. அதற்கு நேரடிச் சான்று எதுவும் கிடைத்ததில்லை. அவர்கள் முடிச்சுக் கயிற்றால் வயலை அளந்ததற்கு மட்டும் படமே இருக்கிறது. தீப்ஸ் நகரத்து மென்னா என்ற அதிகாரியின் கல்லறைச் சுவரில், விளைந்த பயிரின் ஓரமாக ஆட்கள் கயிறு பிடித்து நடக்கிறார்கள். வயது ஏறக்குறைய 3,400 ஆண்டு. நம் நாட்டுச் சுல்ப சூத்திரங்களில் வேள்வி மேடைக்கு மூலை பிடிப்பதும் கயிற்றால்தான். 3, 4, 5 என்ற கணக்கு ஆபஸ்தம்பரிடம் உண்டு.

பூங்கொடிக்கு ஒரு பக்கம் 37½ மீட்டரும் மறுபக்கம் 38 மீட்டரும் வந்தன. இரண்டையும் கூட்டினால் 75½. அதை 60ஆல் பெருக்கி, பாதியாக்கினால் 2,265 சதுர மீட்டர். அதாவது 56 சென்ட். காணாமல் போன பதினான்கில் பதினொன்றை முடிச்சு விழுங்கியிருந்தது, மூன்றைச் சாய்ந்த சுவர் விழுங்கியிருந்தது. காவலாளியின் கண்ணளவும் சாய்வில் ஏமாந்திருந்தது.

மனை வாங்கும்போது பத்திரத்தில் பெரும்பாலும் நான்கு பக்க அளவுதான் எழுதியிருக்கும். அது போதாது. சர்வே துறையின் புலப்படத்தில், எஃப்.எம்.பி. என்று சொல்வார்களே, அதில் புலத்தின் குறுக்கே கோடு போட்டு, அதிலிருந்து ஒவ்வொரு வளைவுக்கும் செங்குத்துத் தூரம் குறித்திருப்பார்கள். அந்த நகலை வாங்குங்கள். அளக்க வருபவரிடம் மூலைவிட்டத்தையும் அளக்கச் சொல்லுங்கள். நாடா பிடிக்கும் முன் அதன் முதல் சில சென்டிமீட்டர் அறுந்து போயிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.