நிறம் குடும்பத்தைக் காட்டும், அமைப்பே நாட்டைக் காட்டும்

2018 மார்ச்சில் பர்மிங்காமில் நடந்த உலக உள்ளரங்குத் தடகளப் போட்டியில், ஐவரி கோஸ்ட்டைச் சேர்ந்த முரியேல் அஹூரே 60 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். வெற்றியைக் கொண்டாட அவர் கையில் சொந்த நாட்டுக் கொடி இல்லை. பார்வையாளர் பக்கம் இருந்த அயர்லாந்து ரசிகர் ஒருவரின் கொடியை வாங்கி, இடவலமாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு ஓடினார். அந்தத் துணி அயர்லாந்துக்காகத் தைக்கப்பட்டது, ஆனால் பார்த்தவர்களுக்கு ஐவரி கோஸ்ட்டின் கொடியாகவே தெரிந்தது. அயர்லாந்துக் கொடியில் கம்பத்தை ஒட்டிப் பச்சையும், நடுவில் வெள்ளையும், காற்றில் ஆடும் முனையில் ஆரஞ்சும் செங்குத்தாக நிற்கும். ஐவரி கோஸ்ட்டில் அதே மூன்று பட்டைகள், அதே செங்குத்து, வரிசை மட்டும் நேர்மாறு. நிறங்களில் ஒன்றும் மாறாமலே நாடு மாறிவிட்டது. புகைப்படத்தில் ஒரு கொடியைக் கண்டால் நாம் முதலில் நிறத்தைப் பார்க்கிறோம், அடுத்து அந்த நிறத்துக்குப் பொருள் தேடுகிறோம். இரண்டுமே அந்த இடத்தில் நமக்கு அதிகம் உதவாதவை. பட்டைகள் ஓடும் திசை, கம்பம் இருக்கும் பக்கம், நடுவில் உள்ள சின்னம் ஆகிய மூன்றும்தான் முதலில் பார்க்கவேண்டியவை. நிறத்தின் பொருள், நாடு இன்னதென்று தெரிந்த பிறகு அந்த நாட்டின் வரலாற்றில் தேடவேண்டியது.

ஆரஞ்சு, வெள்ளை, பச்சை என்ற இந்த ஒரே கூட்டணியை நான்கு நாடுகள் வைத்திருப்பதால், இதை வைத்தே முறையைச் சோதித்துப் பார்க்கலாம். இந்தியாவிலும் நைஜரிலும் பட்டைகள் கிடையாக ஓடுகின்றன. அயர்லாந்திலும் ஐவரி கோஸ்ட்டிலும் செங்குத்தாக நிற்கின்றன. இந்த ஒரு வேறுபாட்டிலேயே நான்கு என்பது இரண்டாகிவிடும். கிடைப் பட்டைக் கொடியை முன்னிருந்து எடுத்தாலும் பின்னிருந்து எடுத்தாலும் மேலே இருப்பது மேலேயே இருக்கும். பின்புறம் என்ற குழப்பமே அதில் கிடையாது. செங்குத்துப் பட்டைக் கொடியில் பின்பக்கத்தைப் படமெடுத்தால் நிறங்களின் வரிசை இடவலமாக மாறும். ஆகவே செங்குத்துப் பட்டைகளைப் பார்த்து, இடப்பக்கம் பச்சை, அதனால் அயர்லாந்து என்று சொல்வது பிழையாகலாம். இடப்பக்கம் எது என்பதை விட, கம்பத்தின் பக்கம் எது என்பதே கேள்வி.

கம்பம் படத்தில் விழாவிட்டாலும் அந்தப் பக்கத்தைக் கண்டுபிடிக்கத் துணியிலேயே தடயங்கள் உண்டு. கயிறு கட்டும் ஓரத்தில் பெரும்பாலும் கெட்டியான வெள்ளைத் துணிப்பட்டை ஒன்றைச் சேர்த்துத் தைப்பார்கள். அதில் உலோக வளையமிட்ட துளைகளோ கயிறு நுழைக்கும் குழலோ இருக்கும். அந்த ஓரம் இரண்டு மூலைகளிலும் இழுத்துக் கட்டப்படுவதால் ஏறக்குறைய நேராக நிற்கும். எதிர் ஓரம் காற்றில் அடிபட்டு அலைபாயும்; பழைய கொடியாக இருந்தால் நூல் பிரிந்து கிழிந்திருப்பதும் அங்கேதான். கொடியைத் தோளில் போர்த்தியிருக்கும் விளையாட்டு வீரரின் படத்தில் இந்தத் தடயங்கள் மடிப்புக்குள் மறைந்துவிடலாம். அப்போது சட்டையில் உள்ள எழுத்து, மார்பிலுள்ள எண் ஆகியவற்றைப் பார்க்கவேண்டும். அவை இடவலம் மாறித் தெரிந்தால், கொடி திரும்பியிருப்பதாக எண்ணவேண்டாம். படமே கண்ணாடிப் பிம்பம்போலத் திருப்பி அச்சாகியிருக்கிறது. கைப்பேசியின் முன்பக்கக் கேமராவில் எடுத்த படங்களில் இது அடிக்கடி நேர்வது.

இந்தியக் கொடி சுவரில் நெடுக்காகத் தொங்கும்போது சிக்கல் இன்னொரு படி ஏறுகிறது. அப்படித் தொங்கவிடும்போது, எதிரே நின்று பார்ப்பவருக்குக் காவிப் பட்டை இடப்பக்கம் வரவேண்டும் என்பது இந்தியக் கொடி விதி. இதன்படி கட்டினால் இடமிருந்து வலமாகக் காவி, வெள்ளை, பச்சை என்று வரும். ஐவரி கோஸ்ட்டின் வரிசையும் இதுவே. நடுவில் 24 ஆரங்கள் கொண்ட நீலச் சக்கரம் தெரிந்தால் ஐயம் தீர்ந்தது. மடிப்பில் சக்கரம் மறைந்திருந்தால் பட்டையின் வடிவம் கைகொடுக்கும். இந்தியக் கொடியின் உயரமும் நீளமும் 2:3. பட்டைகள் நீளவாக்கில் ஓடுவதால் ஒரு பட்டை தன் அகலத்தைப் போல நாலரை மடங்கு நீண்டிருக்கும். ஐவரி கோஸ்ட் கொடியும் 2:3 தான். ஆனால் பட்டைகள் உயரவாக்கில் நிற்பதால் ஒவ்வொன்றும் அகலத்தைப் போல இரண்டு மடங்குதான் நீளும். 1:2 அளவுள்ள அயர்லாந்துக் கொடியில் அது ஒன்றரை மடங்கு. ஏறக்குறையச் சதுரமாக, 6:7 என்ற அளவில் சொல்லப்படும் நைஜரின் கொடியில் மூன்றரை மடங்கு. ஒரே ஒரு பட்டை முழுதாகத் தெரிந்தாலும் போதும். ஒல்லியாக நீண்டு தொங்குகிறதா, கட்டையாக நிற்கிறதா என்பதைக் கண்ணாலேயே சொல்லிவிடலாம்.

இந்தியாவையும் நைஜரையும் பிரிப்பது நடுச் சின்னம். நைஜரின் வெள்ளைப் பட்டையில் இருப்பது ஆரஞ்சு நிறத்தில் நிரம்பிய வட்டம். அசோகச் சக்கரமோ வளையமும் மெல்லிய ஆரங்களும் கொண்டது. அவற்றின் இடைவெளியில் பின்னாலுள்ள வெள்ளை தெரியும். தூரத்திலிருந்து எடுத்த மங்கலான படத்தில் ஆரங்கள் ஒன்றோடொன்று கலந்து, சக்கரம் வெளிறிய நீலச் சாயலாகச் சுருங்கிவிடும். நைஜரின் வட்டம் எவ்வளவு சிறிதானாலும் மேல் பட்டையின் நிறத்திலேயே ஒரு பொட்டாக நிற்கும். எனவே சின்னத்தை விவரமாகக் காண முடியாதபோது கேட்கவேண்டியது ஒன்றுதான்: அந்தப் புள்ளியின் நிறம் மேல் பட்டையோடு ஒத்துப்போகிறதா, விலகி நிற்கிறதா?

நிறத்தை இவ்வளவு பின்னுக்குத் தள்ளுவதற்குப் படம் எடுக்கும் முறையிலேயே காரணம் இருக்கிறது. மாலை வெயிலிலும் மஞ்சள் விளக்கிலும் எடுத்த படத்தில் ஆரஞ்சு, சிவப்பை நோக்கி நகரும். பச்சை, வெள்ளை, ஆரஞ்சு என்ற அயர்லாந்து அப்போது பச்சை, வெள்ளை, சிவப்பு என்ற இத்தாலியாகத் தோன்றக்கூடும். இதற்கு நல்ல அளவுகோல் கொடியின் நடுவிலேயே இருக்கிறது: வெள்ளைப் பட்டை. அது மஞ்சளாகவோ செம்மையாகவோ தெரிந்தால், மற்ற நிறங்களும் அதே அளவுக்கு அந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன என்று கொள்ளவேண்டும். வெயிலில் நாள்பட வெளுத்த துணியில் இந்த அளவுகோலும் போதாது. வெள்ளை சரியாக இருந்தாலும் மற்ற சாயங்கள் மங்கியிருக்கலாம்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். கடையில் விற்கும் கொடிகளையும், பல நாட்டுக் கொடிகள் வரிசையாகப் பறக்கும் மாநாட்டு வாசல்களில் உள்ளவற்றையும் எல்லாம் ஒரே அளவில் தைத்துவிடுவார்களே, சாய்கோணத்தில் எடுத்த படத்தில் நீளம் குறுகித் தெரியுமே, நீள அகலத்தை எப்படி நம்புவது? உண்மைதான். அயர்லாந்துக் கொடியை 2:3 அளவில் தைத்தால் அதை ஐவரி கோஸ்ட்டிலிருந்து அளவால் பிரிக்க முடியாது. அதனால்தான் அளவைத் துணைச் சாட்சியாக மட்டும் வைக்கவேண்டும். பட்டை நீளவாக்கில் ஓடுகிறதா, உயரவாக்கில் நிற்கிறதா என்பதை எந்தத் தையற்காரரும் மாற்றுவதில்லை. கம்பத்தை ஒட்டி எந்த நிறம் என்பதும் மாறாது. ஒன்றரைக்கும் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சாய்கோணத்தில் அழிந்துவிடும். இரண்டுக்கும் நாலரைக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவு எளிதில் அழியாது.

இன்னொரு மறுப்பு வலுவானது. சிவப்பு என்றால் தியாகம், பச்சை என்றால் வளம் அல்லது இஸ்லாம், வெள்ளை என்றால் சமாதானம் என்று பொதுவான பொருள்கள் உலகெங்கும் வழங்குகின்றனவே, அவை அடையாளத்துக்கு உதவாதா? இதற்கு நம் கொடியின் வரலாறே பதில் சொல்கிறது. 1921-ல் பிங்கலி வெங்கய்யா விஜயவாடாவில் காந்தியிடம் காட்டிய வடிவத்தில் சிவப்பும் பச்சையும் இருந்தன. சிவப்பு இந்துக்களையும் பச்சை முஸ்லிம்களையும் குறித்தன. மற்றச் சமயத்தாருக்காக வெள்ளையைக் காந்தி சேர்க்கச் சொன்னார். நிறங்களைச் சமயங்களுக்குப் பங்கிடுவது சச்சரவை வளர்த்ததால், 1931-ல் காங்கிரஸ் காவி, வெள்ளை, பச்சையை ஏற்றபோது அவற்றுக்குச் சமயப் பொருள் இல்லை என்றே அறிவித்தது. பச்சை நம்பிக்கைக்கும் வீரத்துக்கும் உரியதாயிற்று. 1947 ஜூலை 22 அன்று அரசியல் நிர்ணய சபை கொடியை ஏற்றபோது, ராதாகிருஷ்ணன் அதே பச்சையை மண்ணோடும் பயிரோடும் நமக்குள்ள உறவாக விளக்கினார். 26 ஆண்டுகளுக்குள் ஒரு பச்சைக்கு மூன்று பொருள்கள்.

அயர்லாந்தில் இதே நிறங்கள் வேறு கதை சொல்கின்றன. 1848-ல் தாமஸ் ஃபிரான்சிஸ் மெயர் அறிமுகப்படுத்திய அந்தக் கொடியில் பச்சை, கத்தோலிக்கர் பெரும்பான்மையாக இருந்த ஐரிஷ் தேசியத் தரப்பைக் குறிக்கிறது. ஆரஞ்சு, ஆரஞ்சு இளவரசர் வில்லியத்தைப் போற்றிய புராட்டஸ்டன்ட் தரப்பு. வெள்ளை அவ்விரண்டுக்கும் இடையிலான சமாதானம். நைஜரிலோ ஆரஞ்சுக்குச் சஹாரா பாலைவனம் என்று வழக்கமாக விளக்கம் தருகிறார்கள். இந்தியாவில் துறவு, அயர்லாந்தில் ஓர் அரச வம்சம், நைஜரில் மணல். பொதுப் பொருள் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு படத்தைப் பார்ப்பவர் இந்த மூன்றில் எதையும் ஊகித்திருக்க முடியாது. இதற்கு மாறாக, நிறத்தின் பொருளைத் தவறாகக் கொண்டு நாட்டைத் தவறாகச் சொல்லும் வாய்ப்பு மிக அதிகம். நிறக் கூட்டணி பயனற்றது என்று நான் சொல்லவில்லை. சிவப்பு, வெள்ளை, கருப்பு, பச்சை என்றால் அரபு நாடுகளையும், பச்சை, மஞ்சள், சிவப்பு என்றால் ஆப்பிரிக்க நாடுகளையும் முதலில் நினைப்பது நல்ல தொடக்கம்தான். அது தேடலைக் குடும்பத்துக்குள் கொண்டுவிடும், உறுப்பினரைச் சொல்லாது.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. ருமேனியாவும் சாடும் நீலம், மஞ்சள், சிவப்பு ஆகியவற்றைச் செங்குத்தாக ஒரே வரிசையில், ஒரே 2:3 அளவில் வைத்திருக்கின்றன. 1989 புரட்சிக்குப் பின் ருமேனியா நடுவிலிருந்த கம்யூனிஸ்ட் சின்னத்தை நீக்கியதால் இந்த ஒற்றுமை ஏற்பட்டது. சாடின் நீலம் சற்று ஆழ்ந்தது என்றாலும், வெளிச்சத்தால் மாறிவிடும் அந்தச் சிறு வேறுபாட்டைப் புகைப்படத்தில் சான்றாகக் கொள்ள முடியாது. இத்தகைய படத்துக்குக் கட்டடமோ சட்டையோ எழுத்தோதான் விடை தரும். அவையும் இல்லையென்றால், படக் குறிப்பு எழுதுபவர் நீலம், மஞ்சள், சிவப்புச் செங்குத்துப் பட்டைகள், சின்னம் இல்லை, கம்பத்தின் பக்கம் நீலம் என்று கண்டதை எழுதி, சாத்தியமான இரு நாடுகளையும் குறிப்பிடுவதே சரி. கண்டதைச் சரியாக எழுதி வைத்தால், பின்னால் வேறொரு சான்று கிடைக்கும்போது இன்னொருவர் அதிலிருந்து விடையை எட்டமுடியும். ஊகித்து ஒரு நாட்டின் பெயரை எழுதிவிட்டால் அந்த வழியே அடைபட்டுவிடும்.