‘மதிப்பிற்குரிய ஐயா’ முதல் சப்ஜெக்ட் வரி வரை

1980களில் விளம்பரம் பார்த்து வேலைக்கு விண்ணப்பித்தவர்களின் கடிதங்களை வரிசையாக அடுக்கினால், கையெழுத்தை மறைத்துவிட்டு யார் எழுதியது என்று பிரித்துச் சொல்வது கடினம். நாளிதழ் விளம்பரத்தைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு போய், டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் அடித்து வாங்கிய ஆங்கிலக் கடிதம் அது. இன்ன தேதியில் வெளியான தங்கள் விளம்பரத்தின்படி விண்ணப்பிக்கிறேன் என்று தொடங்கும். வேலை கிடைத்தால் மேலதிகாரிகள் முழுத் திருப்தி அடையும்படி உழைப்பேன் என்று முடியும். நடுவில் தகப்பனார் பெயர், வயது, படிப்பு.

அப்படி எழுதியதில் நியாயம் இருந்தது. பல விளம்பரங்களில் நிறுவனத்தின் பெயரே இருக்காது; பத்திரிகை அலுவலகத்தின் பெட்டி எண் மட்டும்தான். யாருக்கு எழுதுகிறோம் என்றே தெரியாதவர் அவர்களுடைய தேவையைப் பற்றி என்ன எழுதுவார்? பணிவைத்தான் எழுத முடியும். அதோடு, ஆளை எடைபோட உதவியது கடிதம் அல்ல, உடன் வைத்த தாள்கள்: கெஜட்டட் அதிகாரி கையெழுத்திட்ட சான்றிதழ் நகல்கள், கேட்டிருந்தால் தபால்தலை ஒட்டிய சுயவிலாச உறை. உறையின் மேல் பணியின் பெயரை எழுதச் சொல்லியிருப்பார்கள். கடிதம் இவற்றுக்கெல்லாம் ஒரு முகப்புத்தாள், அவ்வளவுதான்.

இன்று படிப்பும் அனுபவமும் ரெஸ்யூமேயில் இருக்கின்றன. அதோடு அனுப்பும் மின்னஞ்சலுக்கு ஒரே வேலைதான் மிச்சம்: விளம்பரம் கேட்ட ஒன்றை, நீங்கள் செய்த ஒன்றோடு சேர்த்துக் காட்டுவது.

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் அக்கவுண்ட்ஸ் எக்ஸிகியூட்டிவ் தேடுகிறது என்று வைத்துக்கொள்வோம். டாலி தெரிய வேண்டும், ஜிஎஸ்டி ரீஃபண்ட் வேலையில் அனுபவம் வேண்டும், நோட்டீஸ் காலத்தைக் குறிப்பிட வேண்டும் என்கிறது விளம்பரம். கடின உழைப்பாளி, குழுவோடு ஒத்துப்போவேன் என்று எழுதினால், அது பழைய பணிவுக்குப் புதுச் சட்டை போட்டது மாதிரிதான். மாறாக இப்படி எழுதலாம்:

“வணக்கம். நீங்கள் விளம்பரம் செய்த அக்கவுண்ட்ஸ் எக்ஸிகியூட்டிவ் பணிக்கு விண்ணப்பிக்கிறேன். மூன்று ஆண்டுகளாக ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் டாலி கணக்கும் ஜிஎஸ்டி தாக்கலும் பார்க்கிறேன். நான் சேர்ந்தபோது சில ஐஜிஎஸ்டி ரீஃபண்டுகள் SB005 பிழையில் நின்றிருந்தன. இன்வாய்ஸ் எண் ஷிப்பிங் பில்லில் ஒரு விதமாகவும் GSTR-1-இல் வேறு விதமாகவும் பதிவாகியிருந்ததே காரணம். GSTR-1 பதிவுகளைத் திருத்தியதும் தொகை வந்தது. இப்போது ஒவ்வொரு தாக்கலுக்கு முன்பும் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கிறேன். நோட்டீஸ் காலம் 30 நாள். ரெஸ்யூமே இணைத்துள்ளேன்.”

ஏற்றுமதிக் கணக்கு பார்ப்பவருக்கு SB005 என்றதும் விஷயம் புரிந்துவிடும். அந்த வேலையைச் செய்யாதவரால் காரணத்தையும் திருத்திய விதத்தையும் இப்படிக் கோத்துச் சொல்ல முடியாது. அதனால்தான் எழுதுவது உண்மையாகவும் இருக்க வேண்டும். நேர்காணலின் முதல் கேள்வி அங்கிருந்தே வரும். புதிதாகப் படித்து முடித்தவர் பயிற்சிக் காலத்தில் தானே செய்த ஒரு வேலையை இதே அளவில் சொல்லலாம்.

பழைய கடிதத்தின் ஒரு வழக்கம் மட்டும் இடம் மாறிப் பிழைத்திருக்கிறது. உறையின் மேல் எழுதிய பணியின் பெயர் இப்போது சப்ஜெக்ட் வரியில் இருக்கிறது. அங்கே ‘வேலை விண்ணப்பம்’ என்று மட்டும் போட்டால், மூன்று பதவிகளுக்கு ஆள் எடுப்பவருக்கு எந்தப் பதவி என்றே தெரியாது. பணியின் பெயர், விளம்பரத்தில் எண் கொடுத்திருந்தால் அந்த எண், உங்கள் பெயர்: இவை போதும். ரெஸ்யூமே கோப்புக்கும் ‘final_new2’ என்று இல்லாமல் உங்கள் பெயரையே வையுங்கள்.

தவறுகளின் தன்மையும் மாறிவிட்டது. அன்று ஒவ்வொரு விண்ணப்பத்தையும் புதிதாக அடிக்க வேண்டியிருந்தது. இன்று பழையதை நகலெடுத்து அனுப்புகிறோம். போன வாரம் அனுப்பிய நிறுவனத்தின் பெயர் உள்ளே அப்படியே நின்றுவிடுகிறது. ரெஸ்யூமேயை இணைக்காமலே மின்னஞ்சல் போய்விடுகிறது. பல நிறுவனங்களின் முகவரிகளை To கட்டத்தில் மொத்தமாகப் போடுகிறவர்களும் உண்டு. யார் யாருக்கெல்லாம் போனது என்று பெறுகிற ஒவ்வொருவருக்கும் தெரியும். முதலில் உங்களுக்கே அனுப்பி, போனில் திறந்து பாருங்கள். முதல் இரண்டு தவறுகளும் அங்கேயே தெரிந்துவிடும்.

இந்த மின்னஞ்சலுக்கும் எல்லை உண்டு. விண்ணப்பத்தை இணையப் படிவத்தில் மட்டுமே வாங்கும் இடங்களில் படிவத்தில் நிரப்புவதுதான் கணக்கு. கடிதத்துக்கு அங்கே இடமே இல்லாமலும் போகலாம். விளம்பரத்தில் ஒரு மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்திருந்தால்தான் அந்த ஏழெட்டு வரிகளுக்கு வேலை. அங்கேயும் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். நோட்டீஸ் காலம் கேட்டால் எழுதுங்கள். சம்பளத்தைக் கேட்கவில்லை என்றால் அந்தப் பேச்சு நேர்காணலுக்கு.