மாத்திரையில் எண் மாறினால்: மருந்துக்கடை அன்பர் ஒருவரின் அறிக்கை

மளிகையில் சரக்கு மாறிப் போனால் நாம் அதிகம் கவலைப்படுவதில்லை. துவரம் பருப்புக்குப் பதில் கடலைப் பருப்பு போய்விட்டால் மறுநாள் மாற்றிக் கொடுப்போம். அத்துடன் கணக்கு தீர்ந்தது. மருந்துக்கடையில் அப்படித் தீராது என்பதை நம் சங்கத்து அன்பர் ஒருவர் எழுதிக் கொடுத்த அறிக்கையிலிருந்து தெரிந்து கொண்டோம். பெயர் வேண்டாம், விஷயம் எல்லோருக்கும் தெரியட்டும் என்றார். அதனால் இங்கே விளக்குகிறோம்.

சர்க்கரை நோய்க்குக் கொடுக்கும் கிளிமிபிரைடு மாத்திரை 1 மில்லிகிராம், 2 மில்லிகிராம் என்று வருகிறது. ஒரே கம்பெனி, ஒரே பெயர், அட்டையும் ஏறக்குறைய ஒரே மாதிரி. பெயருக்குப் பின்னால் இருக்கும் எண் மட்டும் வேறு. ஆடி மாதம் ஒரு புதன்கிழமை, வாடிக்கையாளர் ஒருவர் திருப்பிக் கொடுத்த 2 மில்லி அட்டையைக் கடைப் பையன் 1 மில்லி பெட்டியில் போட்டுவிட்டான். வியாழன் மாலை அந்த அட்டை 1 மில்லி கேட்ட ஒருவருக்குப் போய்விட்டது. கம்ப்யூட்டரில் பில் சரியாகவே போட்டிருந்தது. ஆகவே பில்லைப் பார்த்துத் தவறைக் கண்டுபிடிக்க வழியில்லை.

வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு ஒருவர் 2 மில்லி கேட்டார். கணக்கில் 9 அட்டை, பெட்டியில் 8. உடனே 1 மில்லி பெட்டியை எண்ணினார். கணக்குக்கு மேல் ஓர் அட்டை இருந்தது. ஒன்றில் குறைவு, மற்றதில் கூடுதல் என்றால் மாறிப் போயிருக்கிறது என்றுதான் பொருள். புதன் முதல் 1 மில்லி வாங்கியவர்கள் மூன்று பேர். யாராக இருக்கும் என்று யோசித்துக் கொண்டிராமல் மூவருக்குமே போன் செய்தார்.

"மாத்திரை சரியாக இருக்கிறதா?" என்று அவர் கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் யாரும் பார்க்காமலே சரி என்பார்கள். "அட்டையைக் கையில் எடுத்து, பெயருக்குப் பக்கத்தில் உள்ள எண்ணைப் படியுங்கள்" என்றார். முதல் இரண்டு வீட்டில் 1 என்றார்கள். மூன்றாவது வீட்டில் மருமகள் 2 என்று படித்தார். எழுபது வயது மாமியாருக்கான மாத்திரை. ஆடி வெள்ளி என்பதால் அந்த அம்மாள் காலையில் மாத்திரை போட்டுக்கொண்டு, கோயிலுக்குப் போய் வந்து சாப்பிடலாம் என்று இருந்திருக்கிறார். "அத்தைக்குப் படபடன்னு வருதாம், வேர்த்துக் கொட்டுது, படுத்திருக்காங்க" என்றார் மருமகள்.

ரத்தத்தில் சர்க்கரை இறங்கியதன் அடையாளம் அது. நினைவோடு விழுங்க முடிகிறதா என்று கேட்டு உறுதி செய்துகொண்டு, மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கச் சொன்னார். நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடச் சொன்னார். கையோடு சர்க்கரை பார்க்கும் மீட்டரை எடுத்துக்கொண்டு ஓடினார். அவர் போய்ப் பார்த்தபோது 58 இருந்தது. கால் மணி நேரம் கழித்து 84. பிறகு இட்லி சாப்பிட வைத்தார்கள்.

அப்போதே மாத்திரையை மாற்றிக் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். ஆனால் அவர், "தவறு எங்கள் கடையுடையது, இரண்டு மடங்கு அளவு போயிருக்கிறது" என்று வீட்டாரிடம் சொல்லி, அங்கிருந்தே டாக்டருக்கும் போன் செய்தார். இந்த மாத்திரையின் வேகம் ஒரு நாள் முழுக்க இருக்கும், வயதானவர்களுக்கு அதற்கு மேலும் நீடிக்கலாம். ஒரு முறை சர்க்கரை ஏறிவிட்டதே என்று விட்டால் மாலையிலோ இரவிலோ மறுபடி இறங்கலாம். இது தெரிந்ததால்தான் டாக்டர் இரவு வரை அடிக்கடி பார்க்கச் சொன்னார். மறுநாள் மாத்திரை போடலாமா என்பதையும் அவரே முடிவு செய்தார். மறைத்திருந்தால், 1 மில்லிக்கே இவ்வளவு இறங்குகிறதே என்று டாக்டர் சரியான மருந்தையே மாற்றியிருக்கக் கூடும்.

அறிக்கையில் அவர் எழுதியவை: சீட்டில் இருந்த அளவு, கொடுத்த அளவு, எத்தனை மாத்திரை உள்ளே போயிற்று, யாரிடம் எத்தனை மணிக்குச் சொன்னோம், தவறு எங்கே நுழைந்தது. பையன் மேல் பழி எதுவும் எழுதவில்லை. திரும்பி வரும் சரக்கைப் பெட்டியில் போடும் வேலையைப் பையனிடம் விட்டிருந்தது தம் தவறு என்றே எழுதியிருக்கிறார்.

இப்போது அவர் கடையில் 1 மில்லியும் 2 மில்லியும் வேறு வேறு அலமாரியில் இருக்கின்றன. திரும்பி வரும் அட்டை தனித் தட்டில் போகிறது, அவர் பார்க்காமல் பெட்டிக்குள் போவதில்லை. கொடுக்கும்போது அட்டையில் உள்ள எண்ணைச் சீட்டோடு ஒப்பிட்டு வாடிக்கையாளர் காதுபடப் படிக்கிறார்.

அந்த அம்மாள் வீட்டார் இன்னும் அவர் கடையில்தான் மருந்து வாங்குகிறார்கள். மருமகள் மட்டும் ஒவ்வொரு முறையும் எண்ணைப் படித்துப் பார்த்துவிட்டே பையில் போடுகிறாராம். "அது எனக்கு வருத்தமில்லை, நிம்மதிதான்" என்றார் அன்பர்.